புதுப்பிப்பு: கடை வாடகைக் குறைப்புக் கடிதம்

முன்பு கேட்டது: “விற்பனை குறைந்துவிட்டது. வாடகையைக் குறைக்கச் சொல்லி உரிமையாளருக்கு எந்தக் கணக்கைக் காட்டுவது?”

விற்பனைச் சரிவை மட்டும் காட்டினால் போதும் என்றார் ஒருவர். அது பாதிதான் சரி. கணக்கு எழுதும் நண்பர் சொன்னபடி மாற்றியதும்தான் கடிதம் எடுபட்டது.

மாத விற்பனை 3,00,000-லிருந்து 2,40,000 ஆகிவிட்டது. சரக்கு விலை போக நிற்பது கால் பங்கு, 60,000. சம்பளம், மின்சாரம் 26,000, வாடகை 30,000 போனால் மிச்சம் 4,000. முன்பு விற்பனையில் 10 சதவீதமாக இருந்த வாடகை இப்போது 12.5. அதை மீண்டும் 10-க்குக் கொண்டுவர 24,000 ஆக்கும்படி, ஆறு மாதத்துக்கு மட்டும் கேட்டோம்.

உரிமையாளர் நின்று படித்தது அடுத்த வரியைத்தான்: குறைப்பால் அவருக்கு இழப்பு மொத்தம் 36,000, கடை இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் 60,000. ஒப்புக்கொண்டார்.

முன்பணத்தில் கழிக்கச் சொல்லலாமே என்று தன் வீட்டு வாடகை அனுபவத்தைச் சொன்னவருக்கு: அது குறைப்பே ஆகாது, நம் பணம்தான் கரையும்.

கையெழுத்துக்கு முன் ஒரு சொல்லைப் பாருங்கள். எங்கள் தாளில் முதலில் “ஒத்திவைப்பு” என்றிருந்தது. அப்படியே விட்டிருந்தால் அந்த 36,000 பிறகு பாக்கியாக வந்து நிற்கும். “தள்ளுபடி” என்று திருத்தினோம்.

அடுத்த வருட வாடகை உயர்வை 30,000-க்குப் போடுவதா, 24,000-க்கா என்பது இன்னும் பேச்சில்தான் இருக்கிறது.