புதுப்பிப்பு: ரசீதில் தமிழ் வந்துவிட்டது

நான் முதலில் கேட்டது: “தேக்கா கடையில் 58 மிமீ புளூடூத் பிரிண்டர். விலை சரியாக வருகிறது, தமிழ்ப் பெயர் மட்டும் ??? என்று வருகிறது. ஏன்?”

பிரிண்டரின் எழுத்து அட்டவணையான கோட்பேஜின் எண்ணை மாற்றச் சொன்ன தம்பிக்கு நன்றி. பல மொழிகளுக்கு அது போதும். ஆனால் என் பிரிண்டரில் தமிழ் எழுத்துருவே இல்லை, எந்த எண் கொடுத்தாலும் குப்பைதான் வந்தது. ரசீதையே படமாக வரைந்து அனுப்பச் சொன்ன அண்ணன் சொன்னதுதான் சரி. போனே எழுத்தைக் கோத்து வரைவதால் ‘கொத்தமல்லி’யில் கொம்பும் காலும் இடம் மாறாமல் நிற்கின்றன.

படத்தின் அகலம் சரியாக 384 புள்ளி, அதாவது வரிக்கு 48 பைட்.

அப்புறம் இன்னொரு சிக்கல். நாலு சாமான் பில் நன்றாக வந்தது. இருபது சாமான் பில் பாதியில் நின்று, மீதி கிறுக்கலாக ஓடியது. புளூடூத்தில் வருகிற வேகத்துக்கு பிரிண்டரின் நினைவகம் தாங்கவில்லை. இப்போது 100 வரித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் படம் அச்சிடச் சொல்லும் இந்தக் கட்டளையை அனுப்புகிறேன்:

```
1D 76 30 00 30 00 64 00
```

பின்னால் 4800 பைட் படம், 200 மில்லிசெகண்ட் இடைவெளி. நேற்று முழுக்க ஒரு பில்கூடக் கெடவில்லை. துண்டுகளுக்கு நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு சிலசமயம் விழுகிறது, அது இன்னும் தீரவில்லை.

ஐபேடில் பிரிண்டரே தெரியவில்லை என்ற அக்காவுக்கு: உங்களுடையது வேறு சிக்கல். ஆப்பிள் அனுமதி பெறாத பழைய வகை புளூடூத் பிரிண்டரோடு ஐபேட் ஆப் பேசாது. நான் ஆண்ட்ராய்டில்தான் செய்தேன்.