‘அக்ரூடு’ வட்டிக்கு ஒரு சொல் வேண்டும்

சொல்தேடி எழுதியது:

வங்கிச் செயலி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். சேமிப்புக் கணக்குப் பக்கத்தில் வட்டிக்கு இரண்டு வரிகள் உண்டு. காலாண்டு முடிவில் கணக்கில் வந்து விழுந்தது ஒன்று. அதற்கு ‘வரவு வைத்த வட்டி’ என்று போட்டுவிட்டேன். மற்றது, போன வரவுக்குப் பிறகு நேற்று வரை கணக்காகி, இன்னும் கைக்கு வராதது. ‘சேர்ந்த வட்டி’ என்று எழுதிப் பார்த்தேன். படித்தவர்கள் அது இருப்பில் சேர்ந்துவிட்டது என்றே நினைத்தார்கள். வேறென்ன சொல்லலாம்?

கடைசிவரி எழுதியது:

‘நிலுவை வட்டி’ போதுமே. வங்கி நமக்குத் தரவேண்டிய பணம்தானே? அப்புறம், ஒரு சந்தேகம். காலாண்டு முடிய இரண்டு நாள் இருக்கும்போது பணத்தில் பெரும்பகுதியை எடுத்துவிட்டேன். குறைந்த இருப்புக்குத்தான் வட்டி என்று நினைத்திருந்தேன், வந்ததோ கூடுதல். தவறாகப் போட்டுவிட்டார்களா?

பேரேடு எழுதியது:

தவறில்லை. மாதத்தின் குறைந்தபட்ச இருப்புக்கு வட்டி போடும் முறையும் உண்டு, நீங்கள் சொல்வது அதைத்தான். உங்கள் வங்கி தினசரி இருப்பைப் பார்க்கிறது போலிருக்கிறது. நாள் முடிவில் கணக்கில் என்ன இருக்கிறதோ அதுதான் அன்றைய இருப்பு. காலையில் போட்டு மாலையில் எடுத்த பணம் கணக்கிலேயே வராது.

30 நாள் மாதத்தில் 10 நாள் 30,000, 5 நாள் 80,000, மீதி 15 நாள் 20,000 இருந்தது என்று வையுங்கள். தொகையை நாளால் பெருக்கினால் 3 லட்சம், 4 லட்சம், 3 லட்சம்; மொத்தம் 10 லட்சம். ஆண்டுக்கு 4 சதவீதம், 365 நாள் என்றால்:

```
1000000 × 4 ÷ 36500 = 109.59
```

ஐந்தே நாள் இருந்த 80,000 தன் பங்குக்கு 43.84 கொடுத்துவிட்டது. குறைந்தபட்ச இருப்பு முறையில் மாதம் முழுவதற்கும் 20,000-க்குத்தான் வட்டி, 65.75.

‘நிலுவை’ எனக்கு ஒப்பவில்லை. கெடு தாண்டியும் கொடுக்காத பணத்தைத்தான் நிலுவை என்போம். இதற்குக் கெடுவே இன்னும் வரவில்லை.

ஊற்றுக்கண் எழுதியது:

‘ஊறிய வட்டி’? கிணற்றில் நீர் ஊறிக்கொண்டே இருக்கும், இறைக்கும்போதுதான் வெளியே வரும்.

கடைசிவரி எழுதியது:

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தினமும் ஊறுவதைத் தினமும் கொடுத்தால் என்ன? மூன்று மாதம் வங்கி வைத்துக்கொள்ளத்தானே இந்த ஏற்பாடு?

பேரேடு எழுதியது:

அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வரவு வைத்த பிறகுதான் வட்டிக்கு வட்டி கிடைக்கும். 1 லட்சம் ஓராண்டு கிடந்தால், காலாண்டு வரவில் 4,060. தினசரி வரவில் 4,081. வித்தியாசம் இவ்வளவுதான். சிறு கணக்குகளுக்கு இன்னொரு சங்கடம் இருக்கிறது. இருப்பு 40 என்றால் ஒரு நாள் வட்டி 0.0044. இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கினால் பூஜ்யம். தினமும் அப்படி வரவு வைத்தால் அவருக்கு ஒருநாளும் வட்டி வராது. தசமங்களை வெட்டாமல் தனியாகச் சேர்த்து வைத்தால் 90 நாளில் 0.39 தேறும்.

நான் கணக்குப் பிரிவில் இருந்தபோது பார்த்த பெரிய காரணம் திருத்தம். வரவு வைத்த காசோலை திரும்பி வந்துவிடும். அல்லது ஒரு பதிவை நான்கு நாள் முன்தேதியிட்டுப் போடவேண்டியிருக்கும். வட்டி ஊறும் நிலையில் இருந்தால் அந்த நாள்களின் பெருக்கத்தை மாற்றினால் முடிந்தது, வாடிக்கையாளருக்குத் தெரியவும் தெரியாது. வரவு வைத்துவிட்டால் அதைப் பற்று எழுதித் திரும்ப எடுக்கவேண்டும். அதற்குள் அவர் செலவழித்திருந்தால் சண்டைதான். வங்கியின் சொந்தப் புத்தகத்தில், கொடுக்கவேண்டிய செலவாக அது அன்றன்றே ஏறிவிடும் என்பதையும் சொல்லவேண்டும்.

சொல்தேடி எழுதியது:

‘ஊறிய’ என்றாலும் முடிந்துபோனதாகத் தெரிகிறது. ‘ஊறிவரும் வட்டி’ என்று போட்டு, கீழே ‘வரவு வைக்கும் நாள்’ காட்டலாமா? நடுவில் கணக்கை மூடினால் அதுவரை ஊறியது கிடைக்கும் என்றும் ஒரு வரி சேர்க்கலாம்.

இலக்கணம் எழுதியது:

‘ஊறு’ என்றால் தீங்கு என்றும் பொருள் உண்டு, இடையூறு என்பதில் இருப்பது அதுதான். ‘திரள் வட்டி’ என் பரிந்துரை.

ஊற்றுக்கண் எழுதியது:

ஊறுகாய் சாப்பிடும்போது யாருக்கும் தீங்கு நினைவுக்கு வருவதில்லையே ஐயா.

பேரேடு எழுதியது:

‘திரள்’ என்றால் பெருந்தொகை போலக் காதில் விழுகிறது, இங்கே இருப்பதோ 109.59. சேமிப்புக்கு ‘ஊறிவரும்’ சரி. ஆனால் அதே செயலியில் கடன் பக்கமும் இருக்குமே? கடனுக்கு வட்டி ஊறுகிறது என்று யாரும் சொல்வதில்லை, ஏறுகிறது என்றுதான் சொல்வார்கள்.

சொல்தேடி எழுதியது:

இருக்கிறது. அங்கே ‘ஏறிவரும் வட்டி’ என்று போட்டால் வட்டி விகிதம் ஏறுகிறது என்று பயந்துவிடுவார்களே! சேமிப்புப் பக்கத்தை மட்டும் இன்று முடித்து அனுப்புகிறேன்.