பழைய ஆப்பை அழித்துவிட்டுப் புது ஏபிகே போடலாமா?

செவ்வாய்ப்பேட்டை மளிகை
கடையில் பில் போடும் ஆப் இரண்டு வருடமாக ஓடுகிறது. பிளே ஸ்டோரிலிருந்து போட்டது. புது பிரிண்டரோடு சேரவில்லை என்று புகார் சொன்னேன். கம்பெனி ஆள் என்று ஒருவர் புது நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஏபிகே அனுப்பினார். போட்டால் `App not installed as package conflicts with an existing package` என்று நிற்கிறது. பழையதை அழித்துவிட்டுப் போடச் சொல்கிறார். போடலாமா?

அஸ்தம்பட்டி செல்போன் சர்வீஸ்
தாராளமாகப் போடுங்கள் அண்ணா. தினமும் நாலு போனில் இதைப் பார்க்கிறேன். பழசும் புதுசும் முட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். பயமாக இருந்தால் ஃபைலை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பாருங்கள். ஒன்றும் சிவப்பாக வரவில்லை என்றால் பழையதை எடுத்துவிட்டுப் போடலாம்.

கன்னங்குறிச்சி டெவலப்பர்
அண்ணா, இன்னும் அழிக்கவில்லையே? தயவுசெய்து பொறுங்கள். அழித்தால் ஆப்புக்குள் இருக்கும் பில்லும் கடன் கணக்கும் அதோடு போய்விடும். முதலில் அதை வெளியே எடுத்து வையுங்கள்.

அடுத்தது, அந்த எச்சரிக்கை வெறும் முட்டல் இல்லை. ஒவ்வொரு ஏபிகேயும் அதைச் செய்தவரின் சாவியால் கையெழுத்துப் போடப்பட்டது. அதே பெயரில் புது ஃபைல் வந்தால், பழைய ஆப்பில் இருக்கும் கையெழுத்தும் இதுவும் ஒன்றா என்று ஆண்ட்ராய்டு பார்க்கும். ஒன்றாக இல்லை என்றால் உள்ளே விடாது. உங்கள் போன் சொல்வது இதைத்தான்: பெயர் அதே பெயர், கையெழுத்து வேறு. பழையதை அழித்துவிட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது, எந்தக் கையெழுத்தோடு வந்தாலும் உள்ளே போய்விடும்.

வைரஸ்டோட்டல் சிவப்பாகக் காட்டினால் போடாமல் நிற்கலாம். ஒன்றும் காட்டவில்லை என்பதை வைத்து நல்ல ஃபைல் என்று நம்ப முடியாது. நேற்று செய்த ஃபைலை இன்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஏற்காடு காபித்தோட்டம்
போடவே போடாதீர்கள். என் மைத்துனருக்கும் இப்படித்தான் வாட்ஸ்அப்பில் வந்தது. வண்டிக்கு அபராதம் என்று ஒரு ஏபிகே, அதுவும் தெரிந்தவர் நம்பரிலிருந்து. அவர் போனும் முன்பே மாட்டியிருந்தது என்று அப்புறம்தான் தெரிந்தது. போட்டதும் எஸ்எம்எஸ் அனுமதி கேட்டது, கொடுத்தார். ஐகான் மறைந்துவிட்டது. ராத்திரியில் ஓடிபி எதுவும் அவர் கண்ணில் படாமலே இரண்டு தடவை பணம் போனது.

முதலில் ஏரோபிளேன் மோட் போட்டு, வேறு போனிலிருந்து சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் வங்கிக்கும் சொன்னோம். செட்டிங்ஸில் ஆப் பட்டியலைத் திறந்து, பெயரே இல்லாமல் இருந்த ஒன்றை அழித்தோம். அவருக்கு வரும் போன் கால்களையும் வேறு நம்பருக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். `##002#` அடித்து அதை நீக்கினோம். ஸ்டோருக்கு வெளியே எதுவுமே வேண்டாம் என்பதுதான் என் முடிவு.

அஸ்தம்பட்டி செல்போன் சர்வீஸ்
ஐயா, உங்கள் மைத்துனருக்கு வந்தது திருட்டு ஃபைல். இவர் கேட்பது கம்பெனி கொடுத்த பில் ஆப். இரண்டையும் ஒன்றாக்கிப் பயமுறுத்த வேண்டாம். நல்ல கம்பெனி கொடுத்தாலும் கையெழுத்து மாறி வருவதை நானே பார்த்திருக்கிறேன்.

கன்னங்குறிச்சி டெவலப்பர்
இதில் நீங்கள் சொல்வது சரி. பிளே ஸ்டோரில் இப்போது பெரும்பாலும் ஆப்பின் கடைசிக் கையெழுத்துச் சாவியை கூகுள்தான் வைத்திருக்கிறது. கம்பெனியிடம் இருப்பது ஸ்டோருக்கு ஏற்றும் சாவி. அதில் கையெழுத்துப் போட்டு நேரடியாக அனுப்பினால், நேர்மையான ஃபைலுக்கும் இதே எச்சரிக்கை வரும். எச்சரிக்கையை மட்டும் வைத்துத் திருட்டு என்றும் சொல்ல முடியாது, அப்பாவி என்றும் சொல்ல முடியாது. அதனால்தான் வாங்கிய பில்லில் அச்சடித்திருக்கும் பழைய நம்பருக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்கிறேன். ஃபைல் அனுப்பிய நம்பருக்கு வேண்டாம்.

ஐந்து ரோடு மாணவி
கேட்பதற்கு முன்னால் நாமே பார்க்கலாமே? பழைய ஃபைலுக்கும் புது ஃபைலுக்கும் SHA-256 என்ற கைரேகை எண் எடுத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

கன்னங்குறிச்சி டெவலப்பர்
ஃபைலின் SHA-256 வேண்டாம் தங்கச்சி. பதிப்பு மாறினால் ஃபைல் மாறும், அந்த எண் எப்படியும் மாறிவிடும். பதிப்பு மாறினாலும் மாறாமல் இருக்க வேண்டியது கையெழுத்துச் சான்றிதழின் SHA-256. கடையில் யாராவது லேப்டாப்பில் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ வைத்திருந்தால், போனில் யுஎஸ்பி டீபக்கிங்கைப் போட்டுவிட்டு இப்படிப் பார்க்கலாம்:

```
adb shell pm path com.example.billing
adb pull /data/app/.../base.apk old.apk
apksigner verify --print-certs old.apk
apksigner verify --print-certs new.apk
aapt2 dump permissions new.apk
```

`com.example.billing` இருக்கும் இடத்தில் உங்கள் ஆப்பின் பேக்கேஜ் பெயரைப் போடுங்கள். முதல் கட்டளைக்குப் பல வரிகள் வரலாம். `base.apk` என்று முடியும் வரியில், முன்னால் இருக்கும் `package:` என்பதை விட்டுவிட்டு, முழுப் பாதையை இரண்டாவதில் கொடுங்கள். அடுத்த இரண்டிலும் `certificate SHA-256 digest` என்ற வரியைப் பார்த்தால் போதும். கடைசிக் கட்டளை, போடுவதற்கு முன்பே அது என்னென்ன அனுமதி கேட்கப்போகிறது என்று காட்டிவிடும். வேலை முடிந்ததும் டீபக்கிங்கை அணைத்துவிடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை மளிகை
அக்கா பையன் காலேஜிலிருந்து வந்து பார்த்துக் கொடுத்தான். இரண்டு எண்ணும் வேறு வேறு. அனுமதிப் பட்டியலில் `BLUETOOTH_CONNECT` இருக்கிறது, `RECEIVE_SMS` இருக்கிறது. பழைய நம்பருக்கும் கூப்பிட்டேன். அனுப்பியது எங்கள் புது ஆள்தான், ஃபைல் எங்களுடையதுதான் என்கிறார்கள். எஸ்எம்எஸ் எதற்கு என்றால் லாகின் ஓடிபி தானாக நிரம்புவதற்காம்.

அஸ்தம்பட்டி செல்போன் சர்வீஸ்
பார்த்தீர்களா, கம்பெனியே ஒத்துக்கொண்டது. இனி என்ன?

கன்னங்குறிச்சி டெவலப்பர்
பிரிண்டருக்கு புளூடூத் அனுமதி நியாயம். ஓடிபி நிரம்ப எஸ்எம்எஸ் அனுமதியே தேவையில்லை. அந்த ஒரு செய்தியை மட்டும் வாங்கிக்கொள்ள ஆண்ட்ராய்டில் தனி வழி இருக்கிறது. தெரியாமல் சேர்த்திருக்கலாம், கெட்ட எண்ணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த அனுமதி கொடுத்த பின் உங்கள் வங்கி ஓடிபியும் அதன் கண்ணில் படும்.

கம்பெனியிடம் இதைக் கேளுங்கள். பிளே கன்சோலில் `App bundle explorer` என்ற பக்கத்திலிருந்து, ஸ்டோர் சாவியிலேயே கையெழுத்தான முழு ஏபிகேயை அவர்களால் இறக்க முடியும். அது உங்கள் பழைய ஆப்பின் மேலேயே உட்காரும், எதையும் அழிக்க வேண்டாம், கணக்கும் அப்படியே இருக்கும். இல்லாவிட்டால் உள் சோதனைப் பட்டியலில் உங்கள் ஜிமெயிலைச் சேர்த்து, ஸ்டோர் வழியாகவே கொடுக்கலாம்.

அஸ்தம்பட்டி செல்போன் சர்வீஸ்
இதெல்லாம் சொல்ல நன்றாக இருக்கிறது தம்பி. நம்ம ஊர்ச் சின்ன கம்பெனிக்குப் பாதி நாள் போன் எடுக்கவே ஆள் இல்லை. அதுவரை கடையில் கையால் பில் எழுதுவதா? நானாக இருந்தால் சிம் இல்லாத பழைய போன் ஒன்றில் போட்டு, பிரிண்டரோடு ஓட்டுவேன். சிம் இல்லாத போனில் எஸ்எம்எஸ் திருட என்ன இருக்கிறது?

கன்னங்குறிச்சி டெவலப்பர்
இந்த யோசனை நல்லது, ஒத்துக்கொள்கிறேன். அந்தப் போனில் வங்கி ஆப், யுபிஐ, வீட்டு ஜிமெயில் எதுவும் இருக்கக் கூடாது. ஆக்சசிபிலிட்டி அனுமதி கேட்டால் அந்த நிமிடமே அழித்துவிடுங்கள். பில் ஆப்புக்குத் திரையைப் படிக்க ஒரு காரணமும் இல்லை. ஆண்ட்ராய்டு 13 முதல், இப்படி வெளியிலிருந்து போட்ட ஆப்புக்கு அதைத் தருவதைப் போனே தடுக்கும். `Allow restricted settings` அழுத்துங்கள் என்று யாராவது போனில் வழிகாட்டினால் இணைப்பைத் துண்டியுங்கள்.

போட்டு முடித்ததும் `Install unknown apps` பக்கத்தில் வாட்ஸ்அப்பின் அனுமதியையும் அணையுங்கள். மறந்தால், நாளை வேறு யாராவது அனுப்பும் ஃபைலைத் தொட்டாலும் அந்தத் தடை வராது, நேராகப் போடலாமா என்றே கேட்கும். ஆனால் வாடிக்கையாளர் பெயரும் கடனும் அந்தப் போனில்தானே இருக்கும்? அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஏற்காடு காபித்தோட்டம்
கையெழுத்து சரியாக இருந்தால் மட்டும் நல்லவனா? திருடனும் அவன் சாவியில் கையெழுத்துப் போடுவானே.

கன்னங்குறிச்சி டெவலப்பர்
போடுவான் ஐயா. கையெழுத்து, முன்பு கொடுத்தவரே இப்போதும் கொடுக்கிறார் என்று மட்டும்தான் சொல்லும். உங்கள் மைத்துனர் போனில் ஒப்பிடப் பழைய ஆப் எதுவும் இல்லை, அதனால் அங்கே இது உதவியிருக்காது. அந்த எஸ்எம்எஸ் கேள்வியில்தான் நின்றிருக்க வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை மளிகை
கடன் கணக்கைப் பிடிஎஃப் எடுத்து வைத்துவிட்டேன். ஸ்டோர் சாவியில் கையெழுத்தான ஃபைல்தான் வேண்டும், எஸ்எம்எஸ் அனுமதியையும் எடுத்துவிடுங்கள் என்று கம்பெனிக்கு எழுதிவிட்டேன். வியாழன் தருகிறோம் என்கிறார்கள். அதுவரை பழைய பிரிண்டரையே திரும்ப மாட்டியிருக்கிறேன்.

அஸ்தம்பட்டி செல்போன் சர்வீஸ்
வியாழன் வரவில்லை என்றால் சொல்லுங்கள் அண்ணா, சிம் இல்லாத போன் ஒன்று கடையில் இருக்கிறது.