மூடிய யன்னல் மறுபடி திறக்க மறுக்கிறது: எச் பிரிட்ஜும் இரண்டு முனைச் சுவிச்சுகளும்

பரந்தன் நாற்றுக்காரன்

வணக்கம். எங்கள் வளவில் மிளகாய், கத்தரி நாற்றுகளுக்காகப் போட்டிருக்கும் பொலித்தீன் கூடாரத்தின் கூரையில் நாலடி அகலத்தில் ஒரு யன்னல் இருக்கிறது. மதிய வெக்கைக்கு அதைத் திறக்கவும் மழைக்கு மூடவும் ஒரு 12 வோல்ற்று கியர் மோட்டரைப் பொருத்தினேன். மோட்டர் நிமிடத்துக்கு 60 சுற்றுச் சுற்றும். அதன் தண்டில் 8 மில்லிமீற்றர் மரைக்கம்பி ஒன்றை இணைத்திருப்பதால் ஒரு சுற்றுக்கு 1.25 மில்லிமீற்றர் நகர்ந்து, முழு 15 சென்ரிமீற்றரையும் இரண்டு நிமிடத்தில் கடக்கிறது. ஓட்டுவது L298N என்ற எச் பிரிட்ஜ் பலகை, கட்டளை கொடுப்பது ஆர்டுயினோ நானோ, மின்சாரம் சூரியத் தகட்டின் பற்றரி.

யன்னல் எல்லையைத் தாண்டக் கூடாது என்பதற்காக மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு மைக்ரோ சுவிச்சுகளை, அமுக்கினால் தொடுப்பு விடுபடும் கால்களைப் பயன்படுத்தி, மோட்டருக்குப் போகும் ஒரே வயரில் தொடராக இணைத்தேன். யன்னல் மூடி முடிந்ததும் கீழ்ச் சுவிச்சு அமுங்கி மோட்டர் சரியாக நிற்கிறது. ஆனால் அடுத்த நாள் காலையில் திற என்று கட்டளை கொடுத்தால் அசைவே இல்லை. சுவிச்சின் நாக்கை ஒரு ஈர்க்கால் நெம்பி விட்டால் மட்டும் மோட்டர் ஓடத் தொடங்குகிறது. தினமும் ஏணி வைத்து ஈர்க்கால் நெம்புவதற்கு நான் கையாலேயே யன்னலைத் திறந்துவிடலாம். எங்கே பிழை?

மாங்குளம் பண்ணை

தம்பி, பிழை அந்தப் பலகையில்தான். L298N பழைய வகை; ஒரு அம்பியர் எடுத்தாலே ஏறத்தாழ இரண்டு வோல்ற்றை அது தானே விழுங்கிவிடும். இறுகி மூடிய யன்னலைக் கிளப்ப முதல் உந்தல் கூடுதலாக வேண்டும், அந்த உந்தலுக்கு வோல்ற்று போதவில்லை. நான் கோழிக்கூட்டுத் திரைக்கு முதலில் அதைத்தான் போட்டேன், பிறகு BTS7960 வாங்கி மாற்றினேன். அதோடு என்னுடையது பழைய கார் வைப்பர் மோட்டர் என்பதால் இன்னொரு வில்லங்கமும் வந்தது: அதன் மறை முனை மோட்டரின் உடலோடு சேர்ந்திருந்தது. திசையை மாற்றியபோது உடலுக்கே நேர் மின் வந்து, அதைத் தாங்கிய இரும்புச் சட்டம் பற்றரியின் மறை முனையோடு தொட்டிருந்ததால் பியூஸ் போனது. மோட்டருக்கு அடியில் இறப்பர்த் துண்டு வைத்து, ஆணிகளுக்கும் பிளாஸ்ரிக் குழாய் போட்ட பிறகுதான் சரிவந்தது.

முல்லைத்தீவு மாணவி

அண்ணா, மழை வந்தால் தானாக மூடுவதற்கு மழை உணரிப் பலகை ஒன்றைப் பொருத்தலாம். அதன் செம்புக் கோடுகள் சில மாதங்களில் அரித்துப் போகின்றன என்பது மட்டும்தான் குறை.

பரந்தன் நாற்றுக்காரன்

தங்கச்சி, மூடுவதில் எனக்குச் சிக்கல் இல்லை, மூடிய பிறகு திறப்பதில்தான் சிக்கல். உணரியைப் பிறகு பார்ப்போம்.

வவுனியா திருத்துனர்

பலகை வோல்ற்றை விழுங்குகிறது என்று மாங்குளத்தார் சொன்னது உண்மைதான், ஆனால் இந்த நோய்க்கு அது காரணமாக இருக்க முடியாது. நாக்கை நெம்பியதும் அதே பலகை அதே யன்னலைத் தூக்குகிறதே. ஊகிப்பதை விட்டு இரண்டு இடத்தில் மீற்றரை வைத்துப் பாருங்கள். யன்னல் மூடியிருக்கும்போது திறக்கும் கட்டளையைக் கொடுத்து, முதலில் பலகையின் OUT1, OUT2 இரண்டுக்கும் இடையிலும், பிறகு மோட்டரின் இரண்டு கால்களுக்கு இடையிலும் அளந்து எழுதுங்கள்.

பரந்தன் நாற்றுக்காரன்

பலகையில் 11.6 வோல்ற்று, மோட்டரில் பூச்சியம். நாக்கை நெம்பி மோட்டர் ஓடும்போது பலகையிலும் மோட்டரிலும் 10.2 வோல்ற்று.

வவுனியா திருத்துனர்

அப்படியானால் விடை கையில் இருக்கிறது. உங்கள் சுவிச்சு திசை அறியாதது. யன்னல் மூடியதும் அது வயரை அறுக்கிறது; அறுந்த வயரில் மூடும் மின்னோட்டமும் போகாது, திறக்கும் மின்னோட்டமும் போகாது. எச் பிரிட்ஜ் செய்வதெல்லாம் OUT1, OUT2 என்ற இரண்டு முனைகளின் நேர் மறையை இடம் மாற்றுவதுதான். ஆகவே சுவிச்சு திறந்திருக்கும்போதும் ஒரு திசைக்கு மட்டும் வழிவிடும் ஒன்று அதன் குறுக்கே இருக்க வேண்டும். அது ஒரு டயோட்டு.

ஒவ்வொரு சுவிச்சின் இரண்டு கால்களுக்கும் குறுக்கே ஒரு டயோட்டை ஒட்டுங்கள். தொடரில் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையைப் பார்க்க வேண்டும். கீழ்ச் சுவிச்சு அமுங்கிய நிலையில் மூடும் மின்னோட்டத்தை அதன் டயோட்டு மறிக்கும், திறக்கும் மின்னோட்டத்தை விடும். உங்கள் கம்பி ஒரு செக்கனுக்கு 1.25 மில்லிமீற்றர் நகர்கிறது. நாக்கு விடுபட நாலு மில்லிமீற்றர் தேவை என்று வைத்தால், டயோட்டின் வழியாக மின் போவது ஏறத்தாழ மூன்று செக்கன் மட்டுமே. அதன்பின் சுவிச்சே வழியைப் பொறுப்பேற்றுக்கொள்ளும். அந்த மூன்று செக்கனில் 0.7 வோல்ற்று அளவு குறையும், உங்கள் மோட்டர் அதைத் தாங்கும். 1N5408 வாங்குங்கள், மூன்று அம்பியர் தாங்கும்.

மாங்குளம் பண்ணை

மூன்று செக்கனுக்கு 1N4007 போதாதா? எந்தப் பழைய பலகையிலும் கழற்றி எடுக்கலாம், காசும் மிச்சம்.

வவுனியா திருத்துனர்

ஓடிவிடும், நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு அம்பியருக்கு உரியது. யன்னல் சட்டம் ஈரத்தில் ஊதி இறுகிய ஒரு நாளில் மோட்டர் கிளம்பாமல் நின்றால், நாக்கு விடுபடாது, முழு மின்னோட்டமும் டயோட்டிலேயே நின்றுவிடும். விலை வித்தியாசம் ஒரு தேநீர்க் காசு.

முல்லைத்தீவு மாணவி

எனக்கு ஒன்று விளங்கவில்லை. சுவிச்சுகளை மோட்டர் வயரிலிருந்து எடுத்து நானோவின் கால்களுக்குக் கொடுத்து, கீழே தொட்டால் மூடாதே, மேலே தொட்டால் திறக்காதே என்று நிரலில் எழுதினால் டயோட்டே தேவையில்லையே? பல்கலைக்கழகத்தில் நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

வவுனியா திருத்துனர்

செய்யலாம் தங்கச்சி, பிழையில்லை. நிரல் எங்கேயாவது தொங்கி நின்றாலோ கூடாரத்தின் நீண்ட வயரை எலி கடித்தாலோ, மோட்டர் மரைக்கம்பியை இழுத்துச் சட்டத்தையே பிளந்துவிடும் என்பதுதான் என் பயம். மரைக்கம்பி தானாகப் பின்வாங்காது. காற்றுக்கு அது நல்லது, இறுகிக்கொண்டால் கெட்டது. மோட்டர் வயரில் சுவிச்சு இருந்தால், வயர் அறுந்தாலும் மோட்டர் நிற்கும். நிரலில் நேர எல்லை ஒன்றை மட்டும் போடச் சொல்வேன். இரண்டு நிமிடப் பயணத்துக்கு 150 செக்கன்:

```
void nagar(bool thira) {
  digitalWrite(IN1, LOW);
  digitalWrite(IN2, LOW);
  delay(500);
  digitalWrite(thira ? IN1 : IN2, HIGH);
  t0 = millis();
  oodum = true;
}
// loop()
if (oodum && millis() - t0 > 150000UL) {
  digitalWrite(IN1, LOW);
  digitalWrite(IN2, LOW);
  oodum = false;
}
```

அந்த அரைச் செக்கன் ஓய்வை அழித்துவிட வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டரை உடனே எதிர்த்திசைக்குத் திருப்பினால், நின்றிருந்து கிளம்பும்போது எடுப்பதைவிடவும் கூடிய மின்னோட்டம் அந்தக் கணத்தில் பலகைக்கு வரும்.

பரந்தன் நாற்றுக்காரன்

ஐந்து நாளுக்குப் பிறகு எழுதுகிறேன், நல்ல செய்தி இல்லை. டயோட்டுகளை ஒட்டினேன். திற என்றால் மூடியது, மூடு என்றால் திறந்தது. அது சின்னப் பிழை என்று நினைத்து மோட்டரின் தலையிலேயே இரண்டு வயரையும் இடம் மாற்றினேன். திசை சரியானது. ஆனால் மாலையில் மூடவிட்டபோது கீழ்ச் சுவிச்சு 'டிக்' என்று அமுங்கிய சத்தம் கேட்ட பிறகும் மோட்டர் நிற்கவில்லை. உறுமிக்கொண்டே போய், மரைக்கம்பியைப் பிடித்திருந்த தகட்டை வளைத்துவிட்டது. வயரைப் பிடுங்கித்தான் நிறுத்தினேன். இப்போது திறக்கவும் மாட்டேன் என்கிறது. டயோட்டுகள் எரிந்துவிட்டனவா?

வவுனியா திருத்துனர்

டயோட்டுகள் நலம், மாற்றிய இடம்தான் பிழை. சுவிச்சுகளும் டயோட்டுகளும் மோட்டரும் சேர்ந்து ஒரே குடும்பம் என்று எண்ணுங்கள். நீங்கள் அந்தக் குடும்பத்துக்குள்ளே, மோட்டரின் தலையில், வயரை மாற்றினீர்கள். அதனால் யன்னல் மூடும்போது டயோட்டுகளின் ஊடாக ஓடும் மின்னோட்டம் முன்னிருந்த திசைக்கு எதிராகிவிட்டது. மறிக்க வேண்டியதை டயோட்டு விடுகிறது, விட வேண்டியதை மறிக்கிறது. எல்லையில் நிற்காமல் இறுகுவதும், பிறகு திறக்காமல் இருப்பதும் இரண்டும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள்.

மோட்டரின் தலையைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். திசையை மாற்ற வேண்டுமானால் பலகையின் OUT1, OUT2 முனைகளில் மாற்றுங்கள், அல்லது நிரலில் IN1, IN2 ஐ மாற்றுங்கள். அது குடும்பத்துக்கு வெளியே.

தகட்டை மறுபடி பூட்டுவதற்கு முன், மரைக்கம்பியை மோட்டரிலிருந்து கழற்றி வைத்துவிட்டு விரலால் சோதியுங்கள். மூடும் கட்டளை கொடுத்துக் கீழ்ச் சுவிச்சை அமுக்கினால் மோட்டர் நிற்க வேண்டும். விரலை எடுக்காமலே திறக்கும் கட்டளையைக் கொடுத்தால் ஓட வேண்டும். மேல்ச் சுவிச்சுக்கு இதையே மறுதலையாகச் செய்யுங்கள். ஒன்று மட்டும் தவறினால் அந்தச் சுவிச்சின் டயோட்டைத் திருப்புங்கள். இரண்டும் தவறினால், முதலில் சுவிச்சுகள் மேல் கீழாக மாறிக் கிடக்கின்றனவா என்று பாருங்கள்.

மாங்குளம் பண்ணை

விரலால் சோதிப்பது எனக்கும் தெரிந்திருந்தால் ஒரு கியர்ப் பெட்டி மிஞ்சியிருக்கும்.

பரந்தன் நாற்றுக்காரன்

ஐயா, நீங்கள் சொன்னபடியே தலையை மீட்டு, நிரலில் கால்களை மாற்றி, விரலால் நாலு முறை சோதித்த பிறகு தகட்டை நிமிர்த்திப் பூட்டினேன். மூன்று நாளாக இரண்டு முனையிலும் நின்று, இரண்டு முனையிலிருந்தும் திரும்புகிறது. ஈர்க்கை வீசிவிட்டேன்.

ஒன்று மட்டும் இன்னும் விளங்கவில்லை. நேற்றுப் பகல் யன்னல் பாதி திறந்த நிலையில் நின்றுவிட்டது. அந்த நேரம் கிணற்றடியில் தம்பி தண்ணீர்ப் பம்பைப் போட்டிருந்தான். அதுவும் இதே பற்றரியில்தான் ஓடுகிறது.

வவுனியா திருத்துனர்

நானோவுக்கு 5 வோல்ற்று எங்கிருந்து வருகிறது? அந்தப் பலகையிலிருந்தா?

பரந்தன் நாற்றுக்காரன்

ஆம், பலகையில் உள்ள 5 வோல்ற்று முனையிலிருந்து.

வவுனியா திருத்துனர்

பம்பு கிளம்பும் கணத்தில் பற்றரி வோல்ற்று தாழ்ந்து நானோ மறுதொடக்கம் ஆகிறது என்று சந்தேகிக்கிறேன், ஆனால் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். யன்னல் ஓடும்போது தம்பியைப் பம்பைப் போடச் சொல்லிவிட்டு, நானோவின் 13 ஆம் காலில் உள்ள சின்ன விளக்கைக் கவனியுங்கள். புதிதாகத் தொடங்கும்போது சிமிட்டுவதுபோலச் சிமிட்டினால் மறுதொடக்கம்தான். அப்போது நானோவுக்குத் தனி 5 வோல்ற்று மாற்றி ஒன்றைக் கொடுத்து, அது விழித்ததும் முதல் வேலையாக யன்னலை 150 செக்கன் மூடவிடும்படி எழுதலாம். எங்கே நின்றிருந்தாலும் கீழ்ச் சுவிச்சு பார்த்துக்கொள்ளும். சிமிட்டாவிட்டால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

பரந்தன் நாற்றுக்காரன்

தம்பி இப்போது பாடசாலையில். பின்னேரம் பார்த்து எழுதுகிறேன்.