மேனேஜர் திறக்காத மெயில்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

நூல்கண்டு, திருப்பூர்

நேவி ஃப்ளீஸ் துணி டையிங்கில் இருந்து வந்துவிட்டது, ஷேடு கொஞ்சம் தூக்கல். அப்படியே கட்டிங்குக்கு விடுவதா, மறுபடியும் சாயமேற்றி ரீடை போடுவதா என்று மேனேஜர்தான் சொல்ல வேண்டும். கட்டிங் ஆட்கள் மேசை முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். கூட வேலை பார்க்கும் பையன் காலையிலேயே மெயில் போட்டுவிட்டான். வேறொரு கையெழுத்துக்காக நான் மீட்டிங் அறைக்குப் போனபோது, மேனேஜர் மேசைக்கு அடியில் போனை வைத்து மெயில்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். இந்த மெயில் வந்தது. திரையில் தெரிந்தது இவ்வளவுதான்:

```
RE: RE: FW: RE: Order 4471 - Fabric sta...
```

கட்டைவிரல் நிற்கவே இல்லை, தள்ளிவிட்டுப் போய்விட்டது. பையர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது வாய்விட்டும் சொல்ல முடியாது. சாயங்காலம் "ரீடை" என்று பதில் வந்தபோது டையிங்காரர் வேறொருவர் லாட்டை மெஷினில் ஏற்றிவிட்டார். நீங்களெல்லாம் சப்ஜெக்ட் எப்படிப் போடுகிறீர்கள்?

பழைய மேனேஜர்

அந்தக் கட்டைவிரல் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஃபேப்ரிக் ஸ்டேட்டஸ்' என்று பார்த்தால் தகவல் மெயில், ராத்திரி படிக்கலாம் என்று விட்டுவிடுவேன். என்னிடம் ஒரு முடிவு கேட்கிறார்கள் என்பது அந்த வரியில் எங்கே இருக்கிறது? போனில் பெரும்பாலும் 35, 40 எழுத்துதான் தெரியும். அதில் ஒரு பெரிய பங்கை RE, FW தின்றுவிட்டது. வெளியில் இருந்து வரும் மெயில் என்றால் பல கம்பெனிகளில் `[EXTERNAL]` என்று வேறு முன்னால் ஒட்டிக்கொள்ளும்.

நான் என் ஆட்களிடம் கேட்டது இப்படி:

```
Decide by 3pm 14 Jun: cut or redye navy, 4471
```

என்ன செய்ய வேண்டும், எதற்குள், எதில் எது என்பது முதலில். ஆர்டர் நம்பர் வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை. 'டுடே' என்று மட்டும் போடாதீர்கள். மறுநாள் காலையில் திறப்பவருக்கு எந்த டுடே என்று தெரியாது.

அப்புறம், பழைய மெயில் சங்கிலியிலேயே பதில் போடாமல் புது மெயிலாக அனுப்புங்கள். ஜிமெயிலில் சப்ஜெக்டை மாற்றினால் தனி உரையாடலாகப் பிரிந்துவிடும், கண்ணில் படும். ஆனால் புது மெயிலில் பழைய பேச்சு வராது. அதனால் ஷேடு எவ்வளவு விலகல், ரீடை போட்டால் எத்தனை நாள் தள்ளும் என்பதை முதல் இரண்டு வரியில் எழுதிவிட வேண்டும். மெயிலுக்குள் நுழைந்து தேட வைத்தால் சப்ஜெக்ட் நன்றாக இருந்தும் பிரயோஜனமில்லை.

கணக்குப்பிள்ளை

பழைய மேனேஜர் சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன். நம்பர்தான் முதலில் வர வேண்டும். எங்கள் ஆடிட் பிரிவில் எல்லாமே இன்வாய்ஸ் நம்பரை வைத்துத்தான் தேடுவோம். நம்பர் கடைசியில் இருந்தால் ஆறு மாதம் கழித்து யார் கண்டுபிடிப்பது?

பழைய மேனேஜர்

ஐயா, தேடும் பெட்டிக்கு நம்பர் முதலில் இருந்தாலும் கடைசியில் இருந்தாலும் ஒன்றுதான். பட்டியலைச் சப்ஜெக்ட் வாரியாக அடுக்கிப் பார்ப்பவர் என்றால் நீங்கள் சொல்வது சரி.

இரவு ஷிஃப்ட், சென்னை

என் கதை வேறு. மேனேஜர் டல்லாஸில். டீமில் ஒருவர் `Approval needed by EOD` என்று போட்டார். நமக்கு ராத்திரி 10 மணிக்கு ரிலீஸ். EOD என்றால் அவருக்குச் சாயங்காலம் 5 மணி, அது நமக்கு மறுநாள் அதிகாலை. கோடையில் மூன்றரை, குளிர்காலத்தில் நாலரை. அவர் நிதானமாக, சொன்ன நேரத்துக்குள்தான் அப்ரூவ் செய்தார், பாவம். நாங்கள் அதுவரை கொட்டக் கொட்ட விழித்திருந்தோம். இப்போது அவர் ஊர் மணியைத்தான் எழுதுகிறோம்: `Approve by 10am CT`.

இன்னொன்று. எங்களிடம் ஒருவர் எல்லா மெயிலுக்கும் `URGENT` போட்டு, சிவப்பு ஆச்சரியக்குறியும் வைப்பார். அவர் பெயரைப் பார்த்தாலே மேனேஜர் கடைசியில்தான் திறப்பார்.

மாடிவீட்டுக்காரர்

இவ்வளவு யோசனை எதற்கு? வாட்ஸ்அப்பில் போட்டோவோடு "சார் கட்டிங்கா ரீடையா" என்று கேட்டால் அடுத்த நிமிஷம் பதில் வரும். நான் பையனின் பள்ளிக்கு லீவு லெட்டர்கூட அப்படித்தான் அனுப்புகிறேன். மெயில் அனுப்புவதே தப்பித்துக்கொள்ளத்தான். போன் செய்யுங்கள், எடுக்கவில்லை என்றால் மறுபடியும் செய்யுங்கள், அப்படியும் எடுக்காவிட்டால் டிரைவருக்குப் போட்டு அவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். பையர் முன்னால் என்ன கௌரவம்? ஒரு துண்டுச்சீட்டில் எழுதி நீட்டியிருக்கலாமே.

நூல்கண்டு, திருப்பூர்

வாட்ஸ்அப்பில் "ஓகே" என்று ஒரு தடவை வாங்கினோம். பையர் ஷேடை ஏற்காமல் திருப்பியபோது, எந்த லாட்டுக்கு அந்த ஓகே என்று பெரிய சண்டை. இப்போது கேட்பது வாட்ஸ்அப்பில், பதில் மெயிலில் என்று இரண்டும் ஓடுகிறது. பழைய மேனேஜர் சார், ஒரே மெயிலில் இரண்டு ஆர்டருக்கு முடிவு வேண்டுமென்றால் என்ன போடுவது? பிரித்து அனுப்பினால் "ஏன் இத்தனை மெயில்" என்று திட்டுகிறார்.