மலையாளத்தில் ‘குழப்பம்’ என்றால் குழப்பம் இல்லையாம், உதவுங்கள்

மதுரைக்காரி, நர்ஸ். எர்ணாகுளம் பக்கம் ஒரு மருத்துவமனையில், அறுவை சிகிச்சை வார்டில் மூன்று வாரமாக வேலை. தமிழ் மாதிரியே ஒலிக்கும் சொற்களில்தான் மாட்டிக்கொள்கிறேன்.

போன வாரம் நைட் டூட்டியில் ஒரு பெரியவரின் மகள் ஓடிவந்து, “அச்சனு எந்தோ குழப்பமுண்டு” என்றார். நினைவு தடுமாறுகிறது போல என்று பெயர், ஊர், கிழமை எல்லாம் கேட்டேன். டாண் டாணென்று பதில் வந்தது. கடைசியில் பார்த்தால் டிரிப் போட்ட கை வீங்கிக் கிடக்கிறது! இங்கே குழப்பம் என்றால் பிரச்சினை, கோளாறு. ‘குழப்பமில்லா’ என்றால் நன்றாக இருக்கிறேன்.

மொபைல் ஆப்பில் படித்தேன். அதில் ஓட்டல், பஸ் ஸ்டாண்டுப் பேச்சுதான். கூட வேலை பார்க்கும் சேச்சி ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தார்: பனி என்றால் காய்ச்சல், ‘பனி மாறி’ என்றால் காய்ச்சல் போய்விட்டது, வெள்ளம் என்றால் சும்மா தண்ணீர். இவை பழகிவிட்டன. நிஜமான மனக்குழப்பத்துக்கு ‘ஆசயக்குழப்பம்’ என்றார். ஆனால் அது எழுத்துமொழி, வீட்டில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள் என்று அவரே சிரிக்கிறார்.

நோயாளி ஆள் தெரியாமல், இடம் தெரியாமல் மாற்றிப் பேசினால், மலையாளி வீட்டார் அதைப் பேச்சுவழக்கில் எப்படிச் சொல்வார்கள்?