புதுப்பிப்பு: ஒரே கேள்வியை நாலு விதமாகத் தேடவிட்டதில் நடந்தது

முன்பு கேட்டது: "உசிலம்பட்டிப் பக்கத்து மல்லி விவசாயி 'மொட்டு செவந்து கொட்டுது'ன்னு கேட்டா, சாட்பாட் ஏன் மொட்டு ஈ பத்தியை எடுக்க மாட்டேங்குது?"

இப்போது எடுக்கிறது. எம்பெடிங் மாடலை மாற்றச் சொன்ன தம்பி சொன்னது பாதி சரி: பத்தி கொஞ்சம் மேலே வந்தது, ஆனால் பதிலுக்குப் போகும் முதல் மூன்றுக்குள் வரவில்லை. தேடலில் பழுத்த அக்கா சொன்னதுதான் கைகொடுத்தது. மூலக் கேள்வியை அப்படியே வைத்து, பதில் எழுதும் மொழி மாடலிடம் இன்னும் மூன்று விதமாக எழுதி வாங்கி, நாலுக்கும் தனித்தனியாகத் தேடி, ஒவ்வொரு பட்டியலிலும் பத்தி வந்த இடத்துக்கு 1/(60+இடம்) என்று மதிப்பெண் போட்டுக் கூட்ட வேண்டும். மொட்டு ஈ பத்தி இரண்டு பட்டியல்களில் 3, 4ஆம் இடம், கூட்டினால் 0.0315, ஒரே ஒரு பட்டியலில் முதலிடம் பிடித்த உரப் பத்திக்கு 0.0164தான்.

ஒரு சிக்கலும் வந்தது. மாடல் எழுதியதில் ஒன்று "இலை ஏன் சிவக்கிறது" என்று தடம் மாறி, சிலந்திப்பேன் பத்திகளை அள்ளிக்கொண்டு வந்தது, மாற்றுக் கேள்விகளை லாகில் அச்சிட்டுப் பார்த்தால்தான் இது தெரியும். பயிர், செடியின் பாகம், அறிகுறி மூன்றையும் மாற்றக்கூடாது என்று பிராம்ப்டில் சேர்த்ததும் குறைந்தது, முழுசாக நிற்கவில்லை.

பதில் நீளமாகுமா என்று கேட்ட அண்ணனுக்கு: இது தேடலை மட்டும்தான் தொடும், நீளம் வேறு விஷயம். பதில் வரும் நேரம் கூடியிருக்கிறது, அதற்கு யாரிடமாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.